பூனை, காக்கா, ஐம்பது விநாடி

காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் மாலை வகுப்பில், பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "இதுல உங்களுக்கு யாரைப் புடிச்சுது?" என்று கேட்டேன். பன்னிரண்டு பிள்ளைகள். பாட்டியை ஒருத்தி சொன்னாள், அதுவும் வடை சுடுவதற்காக. காக்காவை ஒருவரும் சொல்லவில்லை. மற்ற அத்தனை பேரும் நரி. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "நரிதான் மிஸ் கெத்து. கஷ்டமே படாம வடை வாங்கிடுச்சு" என்றான்.

"புகழ்ச்சிக்கு மயங்காதே" என்று கரும்பலகையில் எழுத சாக்பீஸை எடுத்திருந்தேன். அப்படியே வைத்துவிட்டேன்.

இந்தச் சிக்கலை ஒருவர் 250 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ, குழந்தை வளர்ப்பைப் பற்றி 1762இல் வெளியிட்ட 'எமீல்' என்ற நூலில், லா ஃபோன்டேன் செய்யுளாக எழுதிய காக்கா நரிக் கதையை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பிரித்துப் போடுகிறார். அங்கே வடைக்குப் பதில் பாலாடைக் கட்டி. பிள்ளைகள் காக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் நரியின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள் என்கிறார் அவர். தன் வாயில் இருப்பதை நழுவவிடாமல் இருப்பது எப்படி என்பதைவிட, அடுத்தவர் வாயில் இருப்பதை விழவைப்பது எப்படி என்பதைத்தான் இந்தக் கதையிலிருந்து கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய வாதம். எங்கள் மாடியில் அன்று அது அப்படியே நடந்தது.

நம்முடைய வடைக் கதையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அதில் காக்காவே திருடி. பாட்டி கஷ்டப்பட்டுச் சுட்ட வடையை அது தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. "ஏமாறாதே" என்ற நீதி ஒட்டவேண்டுமென்றால் கேட்கிற பிள்ளை காக்காவாகத் தன்னை நினைத்துக்கொள்ள வேண்டும். திருடியாகத் தன்னை நினைத்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? புத்த ஜாதகத்தில் இதே கதைக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. காக்கா நாவல் மரத்தில் பழம் தின்கிறது, நரி கீழிருந்து அதைப் புகழ்கிறது, காக்கா பதிலுக்கு நரியைப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழத்தை உதிர்த்துவிடுகிறது. மரத்திலிருக்கும் தேவதைக்குக் கோபம் வந்து, பொய்யான புகழ்ச்சி பேசிய இரண்டையும் விரட்டிவிடுகிறது. அங்கே யாருக்கும் கெத்து இல்லை. இப்போது சிலர் சொல்லும் புது வடிவத்தில் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது. நரி ஏமாந்து போகிறது. பிள்ளைகள் உடனே காக்கா பக்கம் தாவிவிடுவார்கள். யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் பிள்ளைகள். கடைசி வரியில் நாம் என்ன சொல்கிறோம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

மூன்று நிமிடக் கதை என்றால் இதைச் சமாளிக்கலாம். காக்காவுக்குக் குஞ்சு இருந்தது, பசி இருந்தது என்று சேர்த்து அதன் மேல் இரக்கம் வரவைக்கலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளும் செய்தியும் முடிந்து கதைக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அங்கன்வாடியில் மூன்று வயசுப் பிள்ளை ஓர் இடத்தில் உட்காரும் நேரமும் அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் என்றால் ஒரே ஒரு செயல், அதற்கு ஒரே ஒரு விளைவு. இரண்டுக்கு மட்டும்தான் இடம். அந்த விளைவு எதற்காக வந்தது என்று பிள்ளை நினைக்கிறதோ அதுதான் கதையின் நீதி. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு ரப்பரால் தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் ஒரு புது ரப்பர் காணாமல் போனது. வாசனை ரப்பர், பச்சைக் கலர். யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். கூப்பிட்டுக் கேட்டால் அவன் இல்லையென்பான், அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதனால் "அடுத்தவர் பொருளை எடுக்காதே" என்று ஒரு குட்டிக் கதை கட்டலாம் என்று நினைத்தேன்.

விலங்கு எதற்கு, ஒரு பையனையே கதையில் வைக்கலாமே என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கனடாவின் டொரான்டோவில் லார்சன், லீ, கானியா என்ற மூவர் நடத்திய ஆய்வொன்றில், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை சில குழந்தைகளுக்கு மனிதப் பாத்திரங்களோடும் சிலருக்கு உடுப்புப் போட்ட விலங்குப் பாத்திரங்களோடும் படித்துக் காட்டினார்கள். நாலு முதல் ஆறு வயசுப் பிள்ளைகள். பிறகு ஸ்டிக்கர்களைக் கொடுத்து, ஸ்டிக்கர் கிடைக்காத இன்னொரு பிள்ளைக்குக் கொஞ்சம் தரச் சொன்னார்கள். மனிதர் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. விலங்கு செய்வது விலங்கின் பாடு, எனக்கென்ன என்று பிள்ளை விட்டுவிடுகிறது போலும்.

அப்படியிருந்தும் நான் விலங்கையே எடுத்தேன். "ஒரு ஊர்ல ஒரு பையன், இன்னொருத்தன் ரப்பரை எடுத்துட்டான்" என்று ஆரம்பித்திருந்தால் பதினோரு தலைகளும் அந்த ஒருவன் பக்கம் திரும்பியிருக்கும். அத்தோடு அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருப்பான். பூனையும் காக்காவும் என்றால் அவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. இது ஆய்வு சொல்லாத கணக்கு, பன்னிரண்டு பேர் பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாடியின் கணக்கு. ஆனால் ஆய்விலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். விலங்குக்குச் சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிற பூனை, தினமும் பார்க்கிற காக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்ததும் இரண்டுக்கும் அங்கே என்ன வேலை என்று இவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முதல் கதை இது. பூனை ஒரு சங்கரா மீனைப் படகுக்கடியில் வைத்துவிட்டுப் போகிறது. காக்கா அதைத் திருடிக்கொண்டு பறக்கிறது. அவசர அவசரமாக முழுங்கும்போது தொண்டையில் முள் குத்தி, கத்த முடியாமல் தவிக்கிறது. அடுத்தவர் பொருளை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

சொல்லி முடித்து, "என்ன தெரிஞ்சுகிட்டீங்க?" என்றேன். மீன்காரம்மா வீட்டுப் பெண் ஒன்று, ஆறு வயசு, தயங்காமல் சொன்னாள்: "முள்ள எடுத்துட்டு சாப்புடணும் மிஸ்." மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் வீட்டில் தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்லப்படுவது அது.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய மீனில்கூட முள் குத்தும். பூனையே தின்றிருந்தாலும் குத்தியிருக்கும். முள்ளுக்கும் திருட்டுக்கும் கதைக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை, சம்பந்தம் என் மனசில் மட்டும் இருந்தது. பெரியவர்களான நாம் "தெய்வம் தண்டிச்சிடுச்சு" என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். பிள்ளை கண்ணால் பார்த்ததை மட்டும் இணைக்கும். நீதிக் கதைகளில் பாதி இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. கெட்டது செய்தவன் பள்ளத்தில் விழுவான், மழையில் நனைவான், கல் தடுக்கும். பள்ளம் யாரைப் பார்த்தது? "பார்த்து நடக்கணும்" என்று பிள்ளை சொன்னால் அதற்கு முழு மார்க் போட வேண்டும்.

கதை இப்படிக் கவிழுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கெட்ட செயலைச் செய்யாத ஒருவருக்கும் அதே விளைவு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். வந்திருக்கும் என்றால் கதையைத் திருப்பி எழுத வேண்டியதுதான்.

எழுதினேன். இரண்டாவது கதையில் முள்ளை எடுத்துவிட்டேன். பூனைக்கு மீன் கிடைக்கிறது, பாதியைக் காக்காவுக்குக் கொடுக்கலாம் என்று கூட்டாளியைத் தேடிப் போகிறது. அந்த நேரம் பார்த்துக் காக்கா வந்து முழு மீனையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பூனை, "உனக்குக் குடுக்கத்தானே கூப்பிட வந்தேன்" என்று அழுகிறது. காக்கா வெட்கப்படுகிறது. விளைவு இப்போது திருட்டிலிருந்தே பிறக்கிறது, திருடாமல் இருந்திருந்தால் இந்த வெட்கம் வந்திருக்காது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அதே பெண்ணின் அண்ணன், மூன்றாம் வகுப்பு, கணக்கில் கெட்டி. "ஆனா மிஸ், எடுக்காம இருந்தா பாதி தானே கிடைச்சிருக்கும். எடுத்ததால முழுசா கிடைச்சுது" என்றான்.

வெட்கத்தை ஒரு தட்டிலும் அரை மீனை இன்னொரு தட்டிலும் வைத்தால் ஏழு வயசில் அரை மீன்தான் கனம். வெட்கம் வெளியே தெரியாத சமாசாரம், சொன்னால்தான் உண்டு. பாதி மீன் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஒரு நிமிடக் கதையில் கண்ணுக்குத் தெரியாத விளைவை வைத்தால் கண்ணுக்குத் தெரியும் லாபம் அதை முழுங்கிவிடும்.

இங்கேதான் முதலில் பிடித்த நீதியையே விட வேண்டி வந்தது. எடுத்தாகிவிட்டது. ரப்பரும் எடுத்தாகிவிட்டது, மீனும் எடுத்தாகிவிட்டது. எடுக்காதே என்பது நேற்றுச் சொல்லியிருக்க வேண்டியது. இன்றைக்கு அந்தப் பையனுக்குத் தேவை திரும்பி வருவதற்கு ஒரு வழி. அப்படியென்றால் கதையின் செயல் திருடுவது இல்லை, ஒத்துக்கொள்வது.

இதற்குப் பக்கபலமாக ஓர் ஆய்வும் உண்டு. டொரான்டோவின் காங் லீ, மெக்கில் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா டால்வார் ஆகியோர் இருந்த குழு 2014இல் வெளியிட்டது. மூன்று முதல் ஏழு வயசுப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெரியவர் ஒரு நிமிடம் வெளியே போவார். பெரும்பாலான பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிடுவார்கள், யாராக இருந்தாலும் பார்க்கத்தான் தோன்றும். திரும்பி வந்து ஒரு கதையைப் படித்துக் காட்டிவிட்டு, "பார்த்தியா?" என்று கேட்பார். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையைக் கேட்ட பிள்ளைகளும், புலி வருது புலி வருது மாதிரியான, ஓநாய் வருது என்று பொய்க் கூச்சல் போட்ட இடையன் கதையைக் கேட்ட பிள்ளைகளும், நீதியே இல்லாத கதையைக் கேட்டவர்களைவிட அதிகமாக உண்மை சொல்லவில்லை. சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒத்துக்கொண்டு பாராட்டு வாங்கிய கதையைக் கேட்டவர்கள் மட்டும் கூடுதலாக உண்மை சொன்னார்கள். (அந்தச் சம்பவமே கட்டுக்கதை என்பது வேறு விஷயம். உண்மையைச் சொல்லித்தர ஒரு பொய் உதவியிருக்கிறது.) அதே மரம் வெட்டிய கதையின் முடிவை மாற்றி, சிறுவன் பொய் சொல்லித் தண்டனை வாங்கியதாகச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. பயமுறுத்தியது ஓடவில்லை, ஒத்துக்கொண்டால் நல்லது நடக்கும் என்று காட்டியதுதான் ஓடியது.

நம் ஊரில் நீதி என்றாலே கடைசியில் ஒருவருக்கு அடி விழ வேண்டும் என்ற பழக்கம் ஊறியிருக்கிறது. பஞ்சதந்திரத்தை எடுத்தால் முதலையை முட்டாளாக்கும் குரங்கு, சிங்கத்தைக் கிணற்றில் தள்ளும் முயல். ஆனால் பஞ்சதந்திரம் ராஜாவின் பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லித்தர எழுந்ததாகத் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் நூல். எதிரியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அதன் பாடம். 1820களில் தாண்டவராய முதலியார் அதைத் தமிழ் உரைநடையாக்கியதும், இங்கே சென்னையில் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதுதான். பாலர் வகுப்புக்கு அது பிற்பாடுதான் இறங்கி வந்தது. முயலின் தந்திரத்தை ஐந்து வயசுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அது தம்பியிடம் தந்திரம் பண்ணினால் திட்டுவது நியாயமில்லை.

மூன்றாவது கதை இதோ. நான் சொன்னபடியே, பேச்சு வழக்கில்:

"காசிமேட்டுல ஒரு பூனை, ஒரு காக்கா. ரெண்டும் கூட்டாளிங்க. ஒருநாள் பூனைக்கு ஒரு சங்கரா மீன் கிடைச்சுது. அதைப் படகுக்கு அடியில வச்சிட்டு, தண்ணி குடிக்கப் போச்சு. காக்கா வந்துச்சு. மீனைப் பார்த்துச்சு. டபக்குனு தூக்கிட்டுப் பறந்துச்சு. பூனை திரும்பி வந்து தேடுச்சு. வலைக்குக் கீழ தேடுச்சு, கூடைக்குள்ள தேடுச்சு. மேல இருந்து காக்கா பார்த்துச்சு. மீன் வாயிலயே இருந்துச்சு, ஆனா திங்க மனசு வரல. கீழ இறங்கி, மீனைப் பூனை முன்னாடி வச்சுது. 'நான்தான் எடுத்தேன்'னு சொல்லுச்சு. பூனை காக்காவையே பார்த்துச்சு. 'பசிச்சா கேக்க வேண்டியதுதானே'ன்னு சொல்லிட்டு, மீனை ரெண்டா கிழிச்சுது. ரெண்டும் சேர்ந்து தின்னுச்சுங்க. தப்பு பண்ணிட்டா, நாமளே சொல்லிடணும்."

எழுபது சொல்லுக்குக் கொஞ்சம் மேல். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், நிதானமாகச் சொன்னால் ஐம்பது விநாடி. மிச்சம் பத்து விநாடியைக் காலியாக விட்டது வேண்டுமென்றே. கதை கேட்கிற பிள்ளை நடுநடுவே "ம்ம்" கொட்டும், அதற்கு இடம் வேண்டும். உம் கொட்டுவது நின்றால் பிள்ளை பாதை தவறிவிட்டது என்று அர்த்தம், அந்த வாக்கியத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எனக்கு உம் நின்றது ஒரே இடத்தில். "திங்க மனசு வரல" என்பது முதலில் "முழுங்க முடியல" என்று இருந்தது. சொன்னதும் முன்வரிசையில் அந்தப் பெண், "முள்ளா மிஸ்?" என்றாள். பழைய கதை அவள் தொண்டையில் இன்னும் குத்திக்கொண்டிருந்தது. அந்தச் சொற்களை மாற்றினேன், தாண்டிப் போய்விட்டாள்.

தேடுகிற இடத்தில் மூன்று முறை "தேடுச்சு" என்று நிற்பது நேரத்தை வீணாக்குவது போலத் தெரியும். குரங்கு, நாய், மாடு என்று மூன்று பேரிடம் போய்க் கேட்டது என்று நீட்டுகிற வழக்கத்தை நான் வெட்டிவிட்டேன், அது இருபது விநாடியைத் தின்னும். ஆனால் பூனை தேடுவதைப் பிள்ளை பார்த்தாக வேண்டும். காக்கா ஏன் இறங்கி வருகிறது என்பதற்கு வேறு காரணம் கதையில் இல்லை. நேரத்தை மிச்சம்பிடிக்கத்தான் கருப்புக் காக்கா, அழகான குட்டிப் பூனை என்று அடைமொழி ஒன்றும் போடவில்லை. காக்கா கருப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடைசி வரி ஒன்றே ஒன்று. "பகிர்ந்து சாப்பிடணும்", "கேட்டுட்டு எடுக்கணும்" என்று இன்னும் இரண்டைச் சேர்க்கக் கை துறுதுறுத்தது. இரண்டுமே கதைக்குள் இருக்கின்றன, பூனை சொல்வதிலும் செய்வதிலுமே வருகின்றன. மூன்றையும் அடுக்கினால் பிள்ளைக்கு எது நிற்கும் என்று நம் கையில் இருக்காது.

முடிவில் பூனை திட்டவில்லையே, இது திருட்டுக்கு இடம் கொடுப்பதாகாதா என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டார். அவர் கேட்டதில் பாதி உண்மை. எடுத்துவிட்டுச் சொல்லிவிட்டால் பாதி கிடைக்கும் என்று கணக்குப் போடும் பிள்ளை வரலாம், எங்கள் கணக்குப்பிள்ளையே போடக்கூடும். அந்த ஓட்டையை ஒரு நிமிடத்துக்குள் அடைக்க எனக்கு வழி தெரியவில்லை. அடைக்கப் போனால் பூனை பேச ஆரம்பித்துவிடும், பூனை இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் அது மிஸ் ஆகிவிடும்.

கதை பிடித்ததா என்று அன்றே கேட்டுப் பிரயோஜனமில்லை. நீதி என்ன என்று கேட்டால் கடைசி வரியை அப்படியே ஒப்பிப்பார்கள், பள்ளிக்கூடம் அதற்குப் பழக்கியிருக்கிறது. இரண்டு நாள் விட்டு, வேறு யாருக்காவது கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். அப்போது எது விழுந்துபோகிறது, எது நீள்கிறது என்று கவனிக்கலாம். நீள்கிற இடம்தான் பிள்ளை எடுத்துக்கொண்ட இடம்.

வியாழக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டிக்குக் கதை சொல்ல யார் வருகிறீர்கள் என்றேன். ரப்பர் பையன் கை தூக்கினான். சங்கரா மீன் வஞ்சிரம் ஆகியிருந்தது, அதுவும் "இம்மாம் பெருசு". படகு விசைப்படகாகியிருந்தது. பூனை தேடும்போது ஐஸ் பெட்டிக்குள், டீக்கடைக்குள், போலீஸ் பூத் வரைக்கும் போய்த் தேடியது. அதற்கே ஒரு நிமிடம் போய்விட்டது. "நான்தான் எடுத்தேன்" என்ற இடம் வந்ததும் குரல் இறங்கி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஆனது. மீனைக் கிழித்து இரண்டு பேருக்கும் பங்கு வைத்தான். கடைசி வரியைச் சொல்லவே இல்லை, போய் உட்கார்ந்துகொண்டான்.

ரப்பர் இன்னும் வரவில்லை.